ஃப்ரீலான்ஸ் நாள் கட்டணத்துக்குச் சம்பளத்தை 22-ஆல் வகுக்காதீர்கள்

கேள்வி: வேலையை விட்டு ஃப்ரீலான்ஸராகப் போகிறேன். இப்போது வாங்கும் மாதச் சம்பளத்தை 22 நாளால் வகுத்து நாள் கட்டணம் சொன்னால் போதுமா?

போதாது. நானும் அப்படித்தான் வகுத்தேன், ஒரு வருடம் முழுக்கக் கஷ்டப்பட்டேன்.

நான் வீடியோ எடிட்டர். வரி போக மாதம் 1,000 கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 22-ஆல் வகுத்து நாளுக்கு 45 என்று சொன்னேன். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. நான்காம் மாதம் வாடிக்கையாளர் படப்பிடிப்பைத் தள்ளிப்போட்டார், ஐந்து வாரம் வேலையே இல்லை. அப்புறம் ஒன்பது நாள் காய்ச்சல். தேறி எழுந்து கணினியைப் போட்டால் திரை கறுப்பாகவே நின்றது, மதர்போர்டு போய்விட்டது. வரி கட்டும் நேரத்தில் கையில் காசில்லை.

வருடக் கடைசியில் நாட்காட்டியை எடுத்து, காசு வந்த நாட்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். 148 வட்டம். நான் நம்பியிருந்தது 264.

கணக்கு இதுதான். 365 நாளில் சனி, ஞாயிறு போனால் 261. பொது விடுமுறை, சொந்த விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்து 31 எடுத்தால் 230. எட்டு வாரம் வேலை இருக்காது என்று வைத்தால் 190. விலை சொல்வது, பில் அனுப்புவது, பாக்கி கேட்பது என்று வாரத்துக்கு ஒரு நாள் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய 150.

வரியில் பலர் தவறுகிறார்கள். வருடத்துக்கு 12,000 கையில் நிற்க வேண்டும், வரி 20 சதவீதம் என்றால், 20 சதவீதத்தைக் கூட்டி 14,400 என்று நிறுத்தக் கூடாது. அதில் வரி போக 11,520 தான் வரும். 0.8-ஆல் வகுத்தால் 15,000, அதுதான் சரி. கருவிச் செலவை இதன்மேல் கூட்டுங்கள். 2,000 விலையுள்ள கணினி நான்கு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 500. மென்பொருள் சந்தா, ஹார்டு டிஸ்க், காப்பீடு இன்னொரு 1,000. மொத்தம் 16,500. 150-ஆல் வகுத்தால் நாளுக்கு 110.

இது பேராசை என்று சிலர் சொல்லக்கூடும். 110-இல் எனக்கு லாபம் என்று எதுவும் இல்லை, பழைய சம்பளம்தான் திரும்ப வருகிறது. உங்கள் நாட்டு வரி விகிதமும் உங்கள் துறையில் வேலையில்லாத வாரங்களும் வேறாக இருக்கலாம், அந்த எண்களை மாற்றிப் போடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலையை நாளைக்கே கேட்பவர்கள் பணத்தை மட்டும் 60 நாள் கழித்துத் தருகிறார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்களுக்கு நான் வட்டியில்லாமல் கடன் கொடுத்த மாதிரிதான். இப்போதெல்லாம் பாதிப் பணம் வந்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.

கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால், ஆறு மாத வேலைக்கு எழுத்தில் உறுதி கேட்கிறேன். அது கிடைத்தால் எட்டு வாரத்தை நான்காக்கலாம், வேலை நாள் 168 ஆகும், கட்டணம் 98-க்கு இறங்கும். அதற்குக் கீழே போவதில்லை.