டிரைவிங் டெஸ்டுக்கு முன் மனதுக்குள் சொல்ல மூன்று வரி போதும்

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு டிரைவிங் டெஸ்ட். பயிற்சியில் நன்றாகவே ஓட்டுகிறேன். பக்கத்தில் தேர்வாளர் வந்து உட்கார்ந்தால் மட்டும் கால் நடுங்குகிறது. மனதுக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி சின்னச் சின்ன வரிகள் இருந்தால் சொல்லுங்களேன்.

முதல் டெஸ்டுக்கு நானும் ஒரு வரியோடுதான் போனேன். "வண்டி ஆஃப் ஆகக் கூடாது, ஆஃப் ஆகக் கூடாது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பச் சொன்ன இடத்தில் இரண்டு முறை ஆஃப் ஆனது. இரண்டாம் முறை வண்டி பின்னால் உருளவும் செய்தது. அதோடு டெஸ்ட் முடிந்தது.

அந்த வரியில் என்ன கோளாறு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றை நினைக்கவில்லை என்று சரிபார்க்கவே அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது. "பதறாதே", "தப்பு செய்யாதே", "ஆஃப் ஆகக் கூடாது" எல்லாமே இந்த வகைதான். அதைவிட முக்கியமாக, இவற்றில் எதுவும் காலுக்கு ஒரு வேலையைச் சொல்வதில்லை. எதைச் செய்யக் கூடாது என்று கேட்ட கால், எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கும்.

"நான் அமைதியாக இருக்கிறேன்" என்ற வரியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது அதைச் சொன்னால், அது பொய் என்று உங்களுக்கே தெரியும். சொன்ன அடுத்த நொடி மனம் நாடியைச் சோதிக்கப் போய்விடும். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பலர் முன்னால் பாடவும் பேசவும் வேண்டிய நேரத்தில் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். உற்சாகத்திலும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும், அதனால் அந்த வரி உடம்போடு சண்டை போடுவதில்லை. எனக்கு "உற்சாகம்" என்ற சொல் ஒட்டவில்லை. அதனால் நான் எடுத்துக்கொண்ட முதல் வரி இது:

"நெஞ்சு அடிக்கட்டும். கால் தன் வேலையைப் பார்க்கும்."

காரில் உட்கார்ந்து, சீட்டும் கண்ணாடிகளும் சரிசெய்து, பெல்ட் போட்ட பிறகு இதைச் சொல்லுங்கள். மூச்சை நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து, வெளியே விடும்போது வரியை மெதுவாக, ஆறு எண்ணும் நேரத்துக்கு இழுத்துச் சொல்ல வேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். மூன்று தடவை போதும். ஒரே மூச்சில் சொல்லி முடியாத வரி என்றால் அது நீளம், வெட்டுங்கள்.

இரண்டாவது வரிதான் உண்மையில் வேலை செய்வது. நீங்கள் அதிகம் பயப்படும் ஒரே ஒரு இடத்துக்கு, செயலையே சொல்லும் வரி. எனக்கு அது ஏற்றம். அங்கே செய்ய வேண்டியது மூன்றே மூன்று. ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக் கிளட்ச்சை மெல்ல மேலே தூக்க வேண்டும். எஞ்சின் சத்தம் கனத்து, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்புவது தெரிந்ததும் காலை அப்படியே அசையாமல் வைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும்.

முதலில் நான் வைத்த வரி "தூக்கு, நிறுத்து, விடு". பயிற்சியிலேயே அது காலை வாரியது. "நிறுத்து" என்றதும் வலது கால் பிரேக்குக்குத் தாவியது. "விடு" என்றதும் கை ஹேண்ட்பிரேக்கை விடுவதற்குப் பதில், கால் கிளட்ச்சை விட்டுவிட்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு உறுப்புகள் பதில் சொன்னால் அந்தச் சொல் தவறு. மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் நின்றது:

"தூக்கு... பிடி... இறக்கு."

தூக்குவது இடது கால், பிடிப்பதும் அதே கால், இறக்குவது கை. குழம்ப இடமே இல்லை. உங்கள் வரியையும் இப்படி ஓட்டிப் பார்த்துச் சோதியுங்கள். ரிவர்ஸ் பார்க்கிங்தான் பயம் என்றால், "வண்டி மெதுவா, கை வேகமா" என்பது நல்ல வரி. பயத்தில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வண்டியை வேகமாக விட்டு ஸ்டியரிங்கைத் தயங்கித் திருப்புவார்கள், அதனால்தான் கோணம் தப்புகிறது.

இந்த வரியை டெஸ்ட் அன்று காலையில் முதன்முதலாகச் சொன்னால் பயன் இருக்காது. இன்றிலிருந்தே அந்த இடம் வரும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த அசைவு நடக்கும் நொடியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நாள் உதடு மட்டும் அசைந்தால் போதும். சொல்லும் அசைவும் ஒட்டிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வரியைச் சொல்லுங்கள். இடது பாதம் தானாகவே லேசாக அசைந்தால் ஒட்டிவிட்டது.

மூன்றாவது வரி, தவறு நடந்த பிறகு சொல்வது. இரண்டாவது டெஸ்டில் ஒரு சந்திப்பில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. ஆஃப் ஆனதைவிட, அதற்குப் பிறகான பத்து நொடிதான் ஆபத்து. வெட்கத்தில் அவசரமாக ஸ்டார்ட் செய்து, கண்ணாடி பார்க்காமல் கிளம்பிவிடுவோம். சின்னத் தவறு அங்கேதான் பெரிய தவறாகிறது. நான் தயாராக வைத்திருந்த வரி: "பிரேக், கிளட்ச், சாவி, கண்ணாடி." பிரேக்கை அழுத்தி, கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஸ்டார்ட் செய்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். தேர்வாளர் எதுவும் சொல்லவில்லை. அந்த முறை பாஸ்.

ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும்போது வரியைச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். பழகிய செயலைத் துண்டு துண்டாகக் கவனித்தால் அது தடுமாறும், படி இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்தால் கால் பின்னுவது மாதிரி. வண்டி நிற்கும் இடங்களிலும், ரிவர்ஸ் மாதிரி ஊர்ந்து நகரும் இடங்களிலும் மட்டும் சொல்லுங்கள். நேராக, சீராக ஓடும்போது சாலையைப் பாருங்கள், அது போதும். இன்னொன்று, வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், பயிற்சியிலேயே பத்தில் ஐந்து முறை தவறும் அசைவை அது காப்பாற்றாது. அதற்கு இன்னும் ஓட்டத்தான் வேண்டும்.

வேறு செய்முறைத் தேர்வுக்கும் இதே முறைதான். என் தங்கைக்கு வேதியியல் ஆய்வகத்தில், துளித்துளியாகத் திரவம் விடும் பியூரெட் குழாயைத் திறக்கும்போது கை நடுங்கும், நிறம் மாறும் புள்ளியைத் தாண்டிவிடுவாள். "துளி... சுழற்று... பார்" என்று வைத்துக்கொண்டாள். ஒரு துளி விட்டு, குடுவையைச் சுழற்றி, நிறத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த துளி. கை நடுங்கியபடியேதான் இருந்தது, ஆனால் அளவு சரியாக வந்தது.

உங்களுக்கு எந்த இடத்தில் கால் நடுங்குகிறது என்று கீழே எழுதுங்கள். கிளம்பும்போதா, ரிவர்ஸிலா, சந்திப்பிலா? அதற்கு ஒரு வரி சேர்ந்து யோசிக்கலாம்.