ரெண்டர் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் மெட்டீரியலிலேயே எல்லாப் பரப்பும் ஒரே வழவழப்பில் இருந்தால் எந்த எடிட்டும் காப்பாற்றாது. "அடிப்படையை விட்டுவிட்டு ஃபில்டர் சொல்லித் தருகிறான்" என்று யாராவது வருவார்கள், அவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் அந்தப் பக்கம் சரியாக இருக்கிறது, பிளெண்டரில்தான் ரெண்டர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் சேலத்தில் கட்டட ரெண்டர் செய்கிறவன். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி ஒரு காட்டேஜ் வேலை வந்தது. ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், பின்னால் பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள். இரண்டு நாள் தூங்காமல் முடித்து அனுப்பினேன். "என்னங்க தம்பி, சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்றார் கட்டுகிறவர். ரோஷத்தில் போட்டோஷாப்பில் Unsharp Mask-ஐ எடுத்து Amount 150, Radius 3 என்று தீட்டினேன். பனியை ஒட்டிய கூரை விளிம்பு முழுக்க ஒரு வெள்ளைக் கோடு வந்துவிட்டது. வீட்டைக் கத்தரித்து ஒட்டியது போல ஆனது.

மறுநாள் விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் ஏறி, அதே இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டை போனில் படம் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. போன் படத்தில் வெள்ளைச் சுவர் 225 பக்கம் நின்றது. என் சுவர் பாதிக்கு மேல் 255, அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளை. தூரத்து மரங்களின் நிழலும் போன் படத்தில் கறுப்பு இல்லை, பனி அதைச் சாம்பலாக்கியிருந்தது. என் படத்தில் அது கரி.

வெளிச்சத்தை ஜேபெக்கில் குறைத்துப் பயனில்லை. எரிந்துபோன வெள்ளை சாம்பலாகுமே தவிர, பூச்சின் மேடுபள்ளம் திரும்பி வராது. பிளெண்டரின் Color Management-இல் View Transform, Standard-இல் இருந்தது. அதை AgX ஆக்கி Exposure-ஐ -0.6 வைத்தேன். ரெண்டர் இன்னும் பிளெண்டரில் திறந்திருந்தால் மறுபடி ரெண்டர் செய்யத் தேவையில்லை, 16 பிட்டில் சேமித்தால் போதும். சுவரில் பூச்சு தெரிந்தது. தூரத்து நிழலை மட்டும் கர்வில் கொஞ்சம் தூக்கினேன்.

வெள்ளைச் சமன் விஷயத்திலும் ஒரு தப்பு செய்தேன். ஐடிராப்பரைச் சுவரில் குத்தினேன், சுவர் சுத்த வெள்ளையானது, காலை நேரம் செத்துப்போனது. பனிக்குள் வரும் வெளிச்சத்தில் லேசான நீலம் உண்டு, திண்ணை பல்பு மஞ்சள். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதுதான் கண்ணை நம்ப வைக்கிறது. குத்தியதில் வந்த மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு படத்தைக் கடைசி அளவுக்குச் சுருக்கினேன். ஷார்ப்பன், கிரெய்ன் இரண்டும் இதற்குப் பிறகுதான். 3840-இல் போட்ட கிரெய்ன் 1920-க்குச் சுருக்கும்போது கரைந்துவிடும். Unsharp Mask-இல் Radius 0.6, Amount 60. ஓட்டின் விளிம்பை 100 சதவீத அளவில் பாருங்கள். வெள்ளைக் கோடு கண்ணில் பட்டால் அதிகம் என்று அர்த்தம்.

கிரெய்ன் கடைசி. முன்னால் போட்டால் ஷார்ப்பன் அதையும் தீட்டி மணல் கொட்டியது போலாக்கிவிடும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயர், Overlay, அதில் Add Noise 5 சதவீதம், Gaussian, Monochromatic. அப்புறம் 0.5 பிக்சல் Gaussian Blur. Overlay என்பதால் சுத்த வெள்ளையையும் சுத்தக் கறுப்பையும் அது தொடாது, நடுத்தர வெளிச்சத்தில்தான் பிடிக்கும். பனியில் தெரிந்த பட்டை பட்டையான கோடுகளும் இதில் மறைந்தன. ஆனால் டிநாய்சர் தேய்த்து அழித்த ஓட்டின் சொரசொரப்பை கிரெய்ன் கொண்டுவராது. அதற்கு டிநாய்ஸ் செய்யாத படத்தைக் கால்வாசி கலந்தேன்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கி, கிரெய்னைத் தின்று, மறுபடி பிளாஸ்டிக் ஆக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நான் அப்படித்தான் அனுப்பினேன், அவருக்கும் பிடித்துவிட்டது. அதை அவர் யாருக்கோ சாதாரண போட்டோவாக அனுப்பி, அந்த நசுங்கின படத்தையே பெரிய ஃபிளெக்ஸாக அடித்து மலையடிவாரத்தில் நிறுத்தியிருக்கிறார். பாக்கிப் பணம் கேட்டால் "ஒரு சின்ன மாற்றம் இருக்கு தம்பி, அதையும் முடிச்சிருங்க" என்கிறார். நான்கு மாதமாக அந்தச் சின்ன மாற்றம் என்ன என்று சொல்லவே இல்லை.