தங்கையின் படமும் ஜாதகமும்

வணக்கம். என் தங்கைக்குப் பார்த்த வரன் நிச்சயத்துக்கு முன்பே நின்றுவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது. அவள் போட்டோவும் பயோடேட்டாவும் இன்னும் மூன்று சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்களில் கிடக்கின்றன. பெரியப்பாதான் போட்டார். 'எடுக்கச் சொன்னால் தப்பாக நினைப்பார்கள்' என்கிறார் அம்மா. எப்படிக் கேட்பது?
ஒரு அக்கா, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

தபாலில் ஜாதகம் போன காலத்தில், வரன் அமையாவிட்டால் படத்தையும் ஜாதகத்தையும் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. திரும்பி வராவிட்டால் ஆள் விட்டு வாங்கி வருவார்கள். பெரியப்பாவிடம் இதையே சொல்லுங்கள். அவர் பார்த்து வளர்ந்த வழக்கம்தான்.

குரூப்பில் மட்டும் எழுதாதீர்கள். என் அக்கா மகளுக்கு இப்படி ஆனபோது, 'படத்தை அழித்துவிடுங்கள்' என்று நாங்கள் குரூப்பில் போட்டோம். அதுவரை திறந்தே பார்க்காதவர்கள்கூட மேலே போய்த் தேடிப் பார்த்தார்கள். ஏன் நின்றது என்று அங்கேயே நாலு பேர் கேட்டார்கள். அவள் அன்று சாப்பிடவே இல்லை. அப்புறம்தான் ஒவ்வொருவராகப் போன் செய்தோம்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதால், எல்லோருடைய போனிலிருந்தும் பெரியப்பாவால் அழிக்க முடியாது. அதற்கு அனுப்பியதிலிருந்து இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம். இப்போது அவர் அழித்தால் அவர் போனில் மட்டும்தான் போகும். ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்டே ஆகவேண்டும். குரூப்பில் அழித்த பிறகும் படம் கேலரியில் தங்கியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் என்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வது சுலபம்.

இவ்வளவு பேசினால் போதும்: "சித்தி, அந்த வரன் அமையவில்லை. பாப்பாவோட படமும் ஜாதகமும் உங்க போன்ல இருந்தா எடுத்துடுங்க. யாருக்காவது அனுப்பியிருந்தா அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குரூப்பில் இருப்பதைவிட, அங்கிருந்து தரகருக்கும் தெரிந்தவர்களுக்கும் போன பிரதிகள்தான் அதிகம் சுற்றும்.

காரணம் கேட்பார்கள். பேச்சை முடிப்பதற்காக 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் அது 'பெண்ணுக்குத் தோஷமாம்' என்று மாறி, அடுத்த வரனுக்கு முன்னால் வந்து நிற்கும். 'அமையவில்லை' என்பதோடு நிறுத்துங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவோ தாய்மாமாவோ பேசட்டும். அதற்கு முன் அந்தப் பையனின் விவரங்களை நீங்கள் அழித்துவிடுங்கள். "உங்க பையனோடதை நாங்க எடுத்துட்டோம்" என்று ஆரம்பித்தால் அவர்களால் மறுக்க முடியாது.

எல்லாப் பிரதியும் போய்விட்டதா என்று உறுதி செய்ய வழியில்லை. அதனால் அடுத்த பயோடேட்டாவில் தங்கையின் போன் எண், வீட்டு முகவரி, அலுவலகப் பெயர் வேண்டாம். அப்பாவின் எண் மட்டும் இருக்கட்டும். நட்சத்திரமும் ராசியும் தெரிந்தாலே பத்துப் பொருத்தம் பார்த்துவிடலாம். அது சரியாக வந்தபின் கட்டத்தையும் படத்தையும் நேராக அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். எதை, யாருக்கு அனுப்பலாம் என்பதைத் தங்கையிடமே கேளுங்கள்.