மில் பொறியாளருக்கு முதல் மெயில்: கேள்வி பதில்

சார், கோவைப் பக்கம் மில்களில் கம்ப்ரசர் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம். மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு ரெண்டு பக்கம் மெயில் போடறோம், பதிலே வரதில்லை.

என்ன வேண்டும் என்பதை முதல் இரண்டு வரியில் கேட்டுவிடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். அடுத்த விடுமுறை நாளில், மில் நிற்கும் நேரத்தில், உங்கள் கம்ப்ரசரில் அரை மணி நேரம் கசிவு அளக்க அனுமதி வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எங்கள் சேவை உங்களுக்குத் தேவையில்லை."

அடுத்து, அவரே சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விவரம். மெஷின்கள் நின்ற பிறகு கம்ப்ரசர் 2 நிமிடம் லோடிலும், அதாவது காற்றை அழுத்திக்கொண்டும், 6 நிமிடம் அன்லோடிலும், அதாவது சும்மா சுழன்றுகொண்டும் ஓடினால், எட்டில் இரண்டு, அதாவது 25 சதவீதம் கசிவு. உங்களை நம்பாமலேயே அவர் இதைச் செய்து பார்க்கலாம், அதுதான் பதில் வரவைக்கும். கருவி விவரம், சான்றிதழ் எல்லாம் இணைப்பில் போகட்டும்.

இன்ஜினியரிடம் நம்பர்தான் பேசும். "வருஷம் 9.6 லட்சம் மிச்சம்"னு தலைப்பிலேயே போடறோம். சரிதானே?

நம்பர் வேண்டும் என்பது சரி. ஆனால் அவர் அதைப் பிரித்துப் பார்ப்பார். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் தரும் மெஷினில் 25 சதவீதம் என்றால் 2.5. கன மீட்டருக்கு 6 கிலோவாட் வீதம் 15 கிலோவாட். 8000 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் உங்கள் 9.6 லட்சம் வரும். இடிப்பது எங்கே என்றால், கசிவு முழுவதையும் யாராலும் அடைக்க முடியாது. அடைத்த அளவுக்கும்கூட, அன்லோடில் ஓடும் கம்ப்ரசர் முழு லோடில் இழுக்கும் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கசிவை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அன்லோடுக்கு 30 சதவீதம் கழித்தால், மிச்சம் சுமார் 6.3 கிலோவாட், வருடம் 4 லட்சம். அதை எழுதி, எந்த அனுமானத்தில் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். பெரிய எண்ணில் ஓட்டை தெரிந்துவிட்டால் மீதியை அவர் படிக்க மாட்டார்.

என் அண்ணன் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். இந்த மாதிரி "லோடு, அன்லோடு நேரம் பாருங்க"னு ஒரு மெயில் வந்ததும் அழிச்சிட்டார். அங்கே இருப்பது இன்வெர்ட்டர் கம்ப்ரசர்.

அண்ணன் செய்தது நியாயம். இன்வெர்ட்டர் மெஷின் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், அந்தக் கணக்கு அங்கே எடுபடாது. ஃப்ளோ மீட்டர் வைக்க வேண்டும், அல்லது கம்ப்ரசரை நிறுத்தி டேங்கில் அழுத்தம் இறங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எந்த வகை என்று முன்பே விசாரியுங்கள். தெரியாவிட்டால் "லோடு-அன்லோடு வகை என்றால்" என்று அந்த வரியைத் தொடங்குங்கள்.

முதல் மெயிலிலேயே விலையைப் போடலாமா?

நான் போடுவேன், சோதனைக்கான கட்டணத்தை மட்டும், கடைசி வரியில். விலையைப் பார்த்ததும் மெயில் பர்ச்சேஸுக்குப் போய்விடுகிறது, பொறியாளர் கையை விட்டு நழுவுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. பெரிய குழும மில்களில் அது நடக்கத்தான் செய்கிறது.