மெத்தையின் மேல் எத்தனை துணி?

என் அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தானாகப் புரள முடியாது. சிறுநீர் கட்டுப்படாததால் நீர் புகாத மெத்தை உறை வாங்கினேன். அசைந்தால் சரசரக்கிறது, முதுகு வியர்க்கிறது. அந்த பிளாஸ்டிக் ரசாயனம் தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, உறையின் மேல் இரண்டு குளியல் துண்டும் மடித்த போர்வையும் விரித்தேன். இப்போது முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவு சிவந்திருக்கிறது. ஒவ்வாமை என்று நினைத்து மருந்துக் கடையில் வாங்கிய களிம்பும் பவுடரும் போடுகிறேன். உறையை எடுத்துவிடலாமா? எந்தத் துணி நல்லது, எப்படித் துவைப்பது?

பதில்:

களிம்பை இன்றே நிறுத்துங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில் அந்தச் சிவப்பைப் பாருங்கள். சிவந்த இடத்தை ஒரு விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். விரல் பட்ட இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் படுக்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் கிழியவில்லையே, பிறகு எப்படிப் புண் என்று கேட்காதீர்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கும் சதைதான் முதலில் பாதிக்கப்படுகிறது. மேல்தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும்.

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் வெளுப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கையால் தொட்டும் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, அழுத்தினால் குழைந்தோ இருந்தால் அதற்கும் அதே பொருள்தான். தொட்டதும் அம்மா முகம் சுளித்தாலும் அப்படித்தான். முதல் நிலை என்று தெரிந்தால் ஓரிரு நாளில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் காட்டுங்கள். கொப்புளம், உரிந்த தோல், ஊதா அல்லது கறுப்பு நிறம், துர்நாற்றம், காய்ச்சல், வழக்கமில்லாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் களிம்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சிவப்புக்கு என்று கேட்டால் கடைகளில் எடுத்துத் தருபவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஏற்கெனவே நைந்துபோன தோலை அது இன்னும் மெலிதாக்கும். பவுடரோ சிறுநீரோடு சேர்ந்து கட்டிக்கட்டியாகி மணலைப் போல உரசும். தேய்த்துவிட்டால் ரத்தம் ஓடும் என்று சிவந்த இடத்தைப் பிடித்துவிடுவதும் தவறு. நசுங்கிக் கிடக்கும் சதையை நாமும் சேர்ந்து நசுக்கக் கூடாது.

சிறுநீரகக் கவலையை விட்டுவிடுங்கள். மெத்தை உறையில் படுத்ததால் யாருக்கும் சிறுநீரகம் கெட்டு நான் பார்த்ததில்லை. புதிய உறையின் வாடை பிடிக்கவில்லையா, ஒரு முறை துவைத்து இரண்டு நாள் காற்றாட விட்டால் போகும். இணையத்தில் படித்த அந்தப் பயம் அம்மாவுக்குச் செய்த தீங்கு வேறு. அது மெத்தைக்கும் அவருக்கும் நடுவில் துண்டுகளையும் போர்வையையும் கொண்டுவந்து வைத்தது.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு முதியவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல ஃபோம் மெத்தை. மகன் தேடி அலைந்து வாங்கியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பியும் படுக்கவைத்தார்கள். அப்படியும் வால் எலும்பின் மேல் சிவப்பு குறையவில்லை. அவர் முதுகுக்குக் கீழே கையை நுழைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன்: டயபர், விரிப்பு, நான்காக மடித்த பருத்திப் புடவை, துண்டு, ரப்பர் ஷீட், அதற்கும் கீழே இன்னொரு போர்வை. ஆறு அடுக்கு! கையை எடுக்கும்போது புடவையின் மடிப்பு விளிம்பு கயிறு போல உறுத்தியது. அவர் முதுகில் அதே இடத்தில், அதே சாய்வில், ஒரு கோடு பதிந்திருந்தது. டயபரையும் விரிப்பையும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் எடுத்துவிட்டு, மெத்தையின் மேல் நீளும் தன்மையுள்ள மெல்லிய உறை ஒன்றைப் போட்டோம். திருப்புவதை நிறுத்தவில்லை. நான்காம் நாள் அழுத்திப் பார்த்தபோது அந்த இடம் வெளுத்துச் சிவந்தது. அடுத்த வாரம் சிவப்பே இல்லை.

காரணம் எளிது. ஃபோம் மெத்தையில் உடல் கொஞ்சம் புதைய வேண்டும். புதைந்தால்தான் எடை பரந்த இடத்தில் பிரிந்து இறங்கும். நீளாத துணியை இழுத்துக் கட்டினாலும், துணிகளை அடுக்கினாலும், உடல் புதையாமல் மேலேயே நின்றுவிடும். எடை முழுவதும் வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய முனைகளில் வந்து விழும். ஆகவே அம்மாவின் மெத்தை மேல் நீர் புகாத உறை ஒன்று, பருத்தி விரிப்பு ஒன்று, டயபர் அல்லது உறிஞ்சு விரிப்பு ஒன்று, இவ்வளவு போதும். துண்டுகளையும் போர்வையையும் இன்றிரவே எடுத்துவிடுங்கள்.

உறையையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. மெத்தையோடு தைத்து வரும் வெளித்துணியை டிக்கிங் என்பார்கள். பஞ்சும் இறகும் வெளியே வராமல் இருக்க நெருக்கி நெய்த துணி அது. பார்ப்பதற்குத் தடிமனாக இருக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஒரு முறை சிறுநீர் அதைத் தாண்டி ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் மெத்தையை முழுவதுமாகச் சுத்தம் செய்ய வழியில்லை. மேலே காய்ந்தது போலத் தெரியும், அம்மா படுத்ததும் எடையில் ஈரம் மேலே வரும்.

இனி சரசரப்பு. அடிப்பக்கம் வினைல் பூசிய உறைகள் விறைப்பானவை. உடல் அசையும்போது மடங்கி நிமிர்ந்து சத்தம் போடும். வினைல் வழியே ஆவியும் போகாது, அதனால்தான் வியர்வை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பாலியூரிதேன் படலம் ஒட்டிய பின்னல் துணி உறையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் பனியன் துணியைப் போல நீண்டு, விட்டால் சுருங்க வேண்டும். கசக்கிக் காதருகே வைத்துப் பாருங்கள். துணி சத்தம் மட்டுமே கேட்க வேண்டும். மெத்தையின் அளவுக்குப் பெரிய உறையை வாங்கி ஓரத்தில் சொருகாதீர்கள். தளர்ந்த உறை சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பு என்ன செய்யும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

பாலியூரிதேன் படலத்தில் தண்ணீர் இறங்காது, ஆவி மட்டும் மெதுவாகக் கடந்து போகும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கோப்பையில் சூடான நீர் ஊற்றி, உறையின் துணிப் பக்கம் நீரைப் பார்க்கும்படி இழுத்து மூடி ரப்பர் வளையம் போடுங்கள். மேலே குளிர்ந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் தம்ளருக்குள் மூடுபனி போலப் படிந்தால் ஆவி கடக்கிறது. தம்ளர் தெளிவாகவே இருந்தால் அந்த உறை அம்மாவுக்கு வேண்டாம். ஆனால் ஒன்று. நன்றாக ஆவி விடும் உறையும் நனைந்த டயபரின் ஈரத்தை உலர்த்திவிடாது. டயபரை நேரத்துக்கு மாற்ற வேண்டும், இரவும் பகலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். செங்குத்தாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாகப் படுக்கவையுங்கள். அப்போது எடை இடுப்பெலும்பின் முனையில் நிற்காது.

துவைக்கும்போது முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். எடுத்ததுமே வெந்நீர் விட்டால் மலக்கறையும் ரத்தக்கறையும் துணியில் பிடித்துக்கொள்ளும். பிறகு உறையின் லேபிள் அனுமதித்தால் 60 டிகிரியில், வழக்கத்தில் பாதி சோப்புத் தூள் போட்டுத் துவையுங்கள். மென்மையாக்கும் திரவம் வேண்டாம். துணி ஈரத்தை உறிஞ்சாதபடி அது பூச்சாகப் படிந்துவிடும். லேபிளில் இல்லாவிட்டால் ப்ளீச்சும் வேண்டாம், படலம் கெடும். சோப்பு தங்கினால் தோல் எரியும், ஆகவே அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. இயந்திரத்தில் வேகமாகப் பிழியவிடாதீர்கள். நீர் புகாத துணி தனக்குள் தண்ணீரைப் பை போலப் பிடித்துக்கொள்ளும், இயந்திரம் ஒரு பக்கமாகக் கனத்து ஆடும். கையால் முறுக்கினால் படலம் துணியிலிருந்து பிரியும். தொங்கவிட்டு வடியவைத்து, நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரி வேண்டவே வேண்டாம். ஒன்று காயும்போது போட இன்னொரு உறை இருந்தால்தான் ஈர உறையை அவசரத்துக்கு விரிக்கும் நிலை வராது.

மாதம் ஒரு முறை உறையைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தாலோ, படலம் குமிழ்விட்டுப் பிரிந்தாலோ அது முடிந்தது. சந்தேகமாக இருந்தால் மெத்தைக்கும் உறைக்கும் நடுவில் காகிதக் கைக்குட்டை ஒன்றை வைத்து, அதற்கு நேர் மேலே உறையைக் கைமுட்டியால் குழியாக அழுத்தி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் முட்டியால் அழுத்தி அழுத்தி எடுங்கள். தண்ணீரைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளி நனைந்திருந்தாலும் உறையை மாற்றிவிட்டு, மெத்தையின் மேல்பக்கம் கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.