வெண்டைக்காய் பூ போட்ட மஞ்சப்பை

கேள்வி: பொண்ணு ஒண்ணாங்கிளாஸ். ஆசிரியர் தினத்துக்கு மிஸ்ஸுக்கு அவளே கையால ஏதாச்சும் செஞ்சு குடுக்கணும்ங்கிறா. நாங்க பெருசா கை வைக்காம சின்னப்பிள்ளையே செய்யிற மாதிரி என்ன இருக்கு? இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

பதில்:

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே மாதிரி அலைஞ்சவதான், அதனால பதில் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு காரைக்குடி. அப்ப மகன் யூகேஜி. என் மாமியாருக்கு கொட்டான் கூடை முடையத் தெரியும், பனை ஓலைல. "பேரன் குடுக்கட்டும், நான் ஒண்ணு முடைஞ்சு தாரேன்"னு உக்காந்தாங்க, இவனும் பக்கத்துலயே உக்காந்து ஒரு ஓலையை எடுத்து இழுத்தான், நாலு வரிசை அவுந்து போச்சு, அதோட "நீ போய் விளையாடுய்யா"ன்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு கொட்டான் ரெடி, அழகுன்னா அவ்வளவு அழகு. மறுநாள் மிஸ் ஆசையா "நீயா பண்ணுன?"னு கேட்டிருக்காங்க, இவன் "இல்ல மிஸ், எங்க அப்பத்தா, நான் விளையாடப் போயிட்டேன்"னு சொல்லிட்டு வந்துட்டான். கொட்டானைக் குறை சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வந்துராதீங்க, அது பெரியவங்க விரலுக்கான வேலை, அஞ்சு வயசு விரலுக்கு இல்ல, அவ்வளவுதான்.

போன வருஷம் அதனால வேற முடிவு எடுத்தேன். வெண்டைக்காயை வெட்டி பெயிண்ட்ல தொட்டு துணிப்பையில முத்திரை குத்துறது. வெண்டைக்காயோட குறுக்குவெட்டு அஞ்சு இதழ் பூ மாதிரியே இருக்கும், பிள்ளைக்கு வரையத் தெரியணும்னு அவசியமே இல்ல, அமுக்கத் தெரிஞ்சா போதும். நம்ம வேலை ரெண்டே ரெண்டு, காயை வெட்டித் தர்றது, கடைசில அயர்ன் பண்றது.

பை எங்க கிடைக்கும்னா, கல்யாணத் தாம்பூலப் பை அடிச்சுக் குடுக்குற பிரிண்டிங் கடையில எழுத்து அடிக்காத வெறும் மஞ்சப்பை கேட்டுப் பாருங்க, எனக்கு உதிரியாவே குடுத்தாங்க. பெரிய பை வேண்டாம், அந்தத் தாம்பூலப் பை சைஸே சரி, ஏன்னா வெண்டைக்காய் பூ ஒரு இஞ்ச்தான் வரும், பெரிய பையில கொசு உக்காந்த மாதிரி இருக்கும். புதுப்பையில கஞ்சி இருக்கும், அது பெயிண்டை உள்ள இறங்க விடாது, அதனால ஒரு தடவை அலசிக் காயப்போட்டே ஆகணும்.

பெயிண்ட் விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஸ்கூல் பாக்ஸ்ல இருக்கிற வாட்டர் கலர், போஸ்டர் கலர் எல்லாம் ஒரு துவைப்புல போயிரும். ஃபேப்ரிக் பெயிண்ட்னு ஃபேன்ஸி ஸ்டோர்ல சின்ன பாட்டில் கிடைக்கும், ரெண்டு கலர் போதும். மஞ்சள் துணி மேல நீலம் அடிச்சா பச்சை கலந்த மாதிரி மங்கலா தெரியும், அரக்கும் கரும்பச்சையும் நல்லா எடுக்குது. தண்ணி கலக்கவே கலக்காதீங்க, பூ பரவி வட்டப் பொட்டா போயிரும். பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பான்ஞ்சை லேசா நனைச்சு நல்லா பிழிஞ்சு தட்டுல வச்சு, அதுமேல ஒரு ஸ்பூன் பெயிண்டைத் தடவிட்டா ஸ்டாம்ப் பேடு ரெடி. தட்டுல நேரடியா ஊத்துனா பிள்ளைங்க முக்கி எடுத்துருவாங்க, எங்க வீட்டு முதல் பூ அப்படித்தான் கொழுக்கட்டை மாதிரி வந்துச்சு.

காய் கொஞ்சம் முத்தலா, பருமனா இருக்கணும். காம்புப் பக்கம் ரெண்டு இஞ்ச் விட்டு நேரா வெட்டுங்க, காம்புதான் பிள்ளைக்குப் பிடி. வெட்டுன உடனே குத்தாதீங்க. அந்தக் கொழகொழப்பு மேல பெயிண்ட் ஒட்டாது, பூ நடுவுல ஓட்டை ஓட்டையா வரும், காயும் வழுக்கிட்டுப் போகும். வெட்டுன முகத்தைப் பழைய துணி மேல கவுத்து அரை மணி நேரம் வச்சா போதும். பத்துப் பூ குத்துனதும் ஓரம் நைஞ்சிரும், அதனால கலருக்கு ரெண்டு காய் வெட்டி வச்சிட்டு நீங்க எந்திரிச்சுப் போயிரலாம். (அரைக்கிலோ வாங்கி நாலு காய்தான் இதுக்குப் போச்சு, மிச்சம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டிக் குழம்பு ஆயிருச்சு. சாப்பாட்டுப் பொருளை வீணாக்குறியான்னு கேக்க வர்றவங்களுக்காகச் சொல்றேன்.)

பைக்குள்ள ஒரு அட்டை நுழைக்கணும், இல்லன்னா பெயிண்ட் பின்பக்கம் வரை ஊறிரும். அடுத்து, சும்மா விட்டா பிள்ளைங்க எல்லாப் பூவையும் ஒரே மூலையில குத்துவாங்க. அதுக்கு அட்டை நுழைக்கிறதுக்கு முன்னாடியே பையை நீளவாக்குல ரெண்டா மடிச்சு திரும்ப ரெண்டா, அப்புறம் குறுக்கால அதே மாதிரி மடிச்சு நல்லா அழுத்திப் பிரிச்சா 16 கட்டம் விழும். இவனுக்குப் புரிய வைக்க நான் ஒண்ணும் மெனக்கெடல, எங்க மாமனார் வீட்டு வளவுல தரை பூரா கலர் கலரா ஆத்தங்குடி கல்லு, ஒரு கலர் விட்டு ஒரு கலர் தாண்டித்தான் வெளையாடுவான். "தரை மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு"ன்னேன், எட்டு அரக்கு, எட்டு பச்சை, அவனே குத்துனான். முதல் ரெண்டு மட்டும் பேப்பர்ல குத்திப் பார்க்கச் சொல்லுங்க. நேரா அமுக்கி நேரா தூக்கணும், ஆட்டக்கூடாது. 

ஒரு தப்பு நடந்துச்சு, அது என் தப்பு. இடது பக்கத்துல இருந்து ஆரம்பிடான்னு சொல்லிட்டேன். அவன் இடது கைக்காரன். மணிக்கட்டு ஈரப்பூ மேல தேய்ச்சு ரெண்டு பூ இழுபட்டுப் போச்சு, அழுகை. துணியால துடைச்சா இன்னும் பரவும், அப்படியே காயவிட்டு அது மேலயே இன்னொரு பூ குத்துனோம், சரியாயிருச்சு. வலது கைப் பிள்ளைன்னா இடது மேல் மூலை, இடது கைன்னா வலது மேல் மூலை, மறந்துராதீங்க.

இதைச் சொன்னதும் வேற ஒண்ணு ஞாபகம் வருது, கேள்விக்குச் சம்பந்தம் இல்ல. எல்கேஜில இவனை வலது கையால எழுத வைக்கிறேன்னு ஒரு மிஸ் (இப்ப உள்ளவங்க இல்ல) பென்சிலைப் பிடுங்கி மாத்தி மாத்தி வைப்பாங்க, சொந்தக்காரங்க விசேஷ வீட்டுல "என்ன பிள்ள, பீச்சாங்கையால குடுக்குது"ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. ஆறு மாசம் பென்சிலைக் கண்டாலே ஓடுனான். கைப்பழக்கம் பொறப்புலயே வர்றதுன்னு எத்தனை தடவைதான் சொல்றது. சரி விடுங்க.

குத்தி முடிச்சதும் ஒரு ராத்திரி முழுசா காயணும். மறுநாள் பையை உள்பக்கம் வெளிய வர மாதிரி திருப்பி, மேல ஒரு துணி போட்டு, தண்ணி தெளிக்காம மூணு நாலு நிமிஷம் சூடா அயர்ன் பண்ணுனா கலர் நிக்கும். மூணு நாளைக்குத் துவைக்க வேண்டாம்னு மிஸ்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு உள்ள போட்டுருங்க. உங்களுக்கு நாலு நாள் இருக்குல்ல, இன்னைக்கே பையை அலசிப் போட்டா, நாளைக்குக் குத்தி, நாளான்னைக்கு அயர்ன், ஒரு நாள் மிச்சம் கூட இருக்கும்.

போன வருஷமும் மிஸ் "நீயா பண்ணுன?"னு கேட்டாங்களாம். வெண்டைக்காய் கொழகொழன்னு இருக்கும் மிஸ், கவுத்து வைக்கணும், அப்புறம்தான் தொடணும்னு அஞ்சு நிமிஷம் கிளாஸ் எடுத்துட்டு வந்திருக்கான். எந்தக் கையால குடுத்தான்னு நான் கேக்கல.