மகன் போட்ட கையெழுத்து வேறு, அம்மா போட்டது வேறு

"என் மகனுக்கு 17 வயது. ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, பழைய மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு எடுத்துவிட்டான். இரண்டு மாதம் கட்டவில்லை என்று கடைக்காரர்கள் அவனுடைய ஐசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நான் ஜாமீன் கையெழுத்து போட்டால்தான் தருவோம் என்றார்கள். பயந்து போட்டுவிட்டேன். நான் கட்டித்தான் ஆகவேண்டுமா?"
- வாசகி, பிறை, பினாங்கு

மகன் போட்ட கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம், அம்மா. மலேசியாவில் ஒப்பந்தம் செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர் போட்ட தவணை ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. வயது தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஐசியின் முதல் ஆறு எண்கள் பிறந்த தேதிதானே? ஆனால் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு பணம் தரமாட்டேன் என்பது எடுபடாது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து, ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள்.

உங்கள் கையெழுத்துதான் சிக்கல். நீங்கள் 18 வயதைத் தாண்டியவர் என்பதால் அது தானாகச் செல்லாமல் போகாது, நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 15-வது பிரிவில், ஒருவரின் பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக் கையெழுத்து வாங்குவதும் வற்புறுத்தல்தான். ஐசியைப் பிடித்து வைத்தது அதில் வரும். "கோர்ட்டுக்குப் போவேன்" என்று மட்டும் மிரட்டியிருந்தால் வராது.

நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஐசியைப் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இன்றே போலீஸ் புகார் கொடுங்கள். 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏழைகளை இப்படி அலைக்கழித்தே ஏஜெண்டுகளை வளர்த்துவிட்டார்கள். ஐசி பறிக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யச் சொல்லி, நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். அப்புறம், வற்புறுத்தலால் போட்ட ஜாமீனை ரத்து செய்வதாகக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதன்பின் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால் ஜாமீனை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள்.

இதைப் படித்துவிட்டு, 17 வயதில் போட்ட எந்தக் கையெழுத்தும் செல்லாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்வி உதவி ஒப்பந்தம் அப்படியல்ல. மாணவர் வயது குறைந்தவர் என்பதால் அது செல்லாமல் போகாது என்று 1976-இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அரசாங்கமோ சட்டப்படி அமைந்த வாரியமோ கல்வி நிறுவனமோ தரும் உபகாரச் சம்பளமும் படிப்புக் கடனும் இதில் அடங்கும். பிள்ளைதானே கையெழுத்து போட்டான் என்று அந்தக் கடனை விட்டுவிட முடியாது.

மகனுக்கு 18 ஆனதும் அந்த ஏஜெண்ட் வீட்டுக்கு வருவார். 'பழைய பத்திரத்தைப் புதுப்பிக்கத்தான், ஒரு கையெழுத்து போதும்' என்பார். அந்தப் புதுக் கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தக்கூடும். வட்டியைக் குறைக்கிறேன் என்றாலும் மகன் எதிலும் கையெழுத்து போடக்கூடாது.